லக்கன்பூரைத் தாண்டினால் சிம் ஊமை: காஷ்மீர் போகுமுன் போனுக்கு இந்தி கற்றுக்கொடுங்கள்

கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரை ஓடும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் வைஷ்ணோதேவிக்குப் போகிறவர்களுக்குப் பதான்கோட் வரை கவலை இல்லை. டவர் வந்தும் போயும் கொண்டிருக்கும், வாட்ஸ்அப்பில் படங்கள் மெதுவாகவாவது போய்ச் சேரும். அதற்குப் பிறகு ராவி ஆறு வருகிறது. அக்கரையில் லக்கன்பூர், ஜம்மு காஷ்மீரின் வாசல். அந்த எல்லையைக் கடந்த சிறிது நேரத்தில் பெட்டியில் பாதிப் பேருடைய போனில் சிக்னல் கோடுகள் மறைந்துவிடும். போன் கெட்டுப்போகவில்லை. வெளிமாநிலத்து ப்ரீபெய்ட் சிம்கள் பாதுகாப்புக் காரணங்களுக்காக ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் இயங்குவதில்லை. போஸ்ட்பெய்ட் சிம் மட்டுமே இயங்கும். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது ப்ரீபெய்ட்.

போஸ்ட்பெய்ட் வைத்திருப்பவரும் முழுக்க நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2019 ஆகஸ்டில் அங்கே நிறுத்தப்பட்ட அதிவேக மொபைல் இணையம் எல்லா மாவட்டங்களுக்கும் திரும்பி வந்தது 2021 பிப்ரவரியில்தான். அவ்வளவு நீண்ட தடை எப்போதும் வராது என்றாலும், சில மணி நேரமோ சில நாட்களோ நெட் நிற்பது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. மலைச்சரிவில் டவரே எட்டாத இடங்களும் நிறைய. ஆகவே இந்தி தெரியாத தமிழ்க் குடும்பம் ஒன்று காஷ்மீர் போகிறது என்றால், நெட்டே இல்லாமல் மொழிபெயர்க்கும் ஏற்பாட்டோடுதான் வண்டி ஏற வேண்டும். அந்த ஏற்பாடு போனிலேயே இலவசமாக இருக்கிறது. ஆனால் அதை அரைகுறையாகச் செய்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஒன்று போதாது, இரண்டு வேண்டும்

Google Translate செயலி பல வருடங்களாகவே நெட் இல்லாமலும் மொழிபெயர்க்கிறது. 2018 ஜூனில் இந்த வசதி பெரிய அளவில் மேம்பட்டது. அதுவரை ஆஃப்லைனில் சொல்லையும் சொற்றொடரையும் துண்டு துண்டாக மாற்றிக்கொண்டிருந்த செயலி, அதன்பின் முழு வாக்கியத்தையும் பார்த்து மொழிபெயர்க்கும் முறைக்கு வந்தது. அன்று அறிவிக்கப்பட்ட 59 மொழிகளில் தமிழும் இந்தியும் உருதுவும் இருந்தன. ஒரு மொழித் தொகுப்பு ஏறக்குறைய 35 முதல் 45 எம்பி என்று அப்போது கூகுள் சொன்னது. நாம் நாள்தோறும் பார்க்கும் வீடியோக்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

செய்முறையும் எளிதுதான். செயலியைத் திறந்து, மேல் வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் Downloaded languages என்று ஒரு வரி வரும். அதற்குள் போய் மொழியைச் சேர்த்தால் தொகுப்பு இறங்கும். வீட்டு வைஃபையில் செய்தால் டேட்டாவும் மிச்சம்.

பலர் இந்த இடத்தில்தான் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். இந்தி பேசும் ஊருக்குப் போகிறோம் என்று இந்தியை மட்டும் இறக்கிக்கொண்டு, தமிழ் நம் மொழிதானே, அதை எதற்கு இறக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். போனுக்குள் நடப்பது வேறு. ஆஃப்லைன் தொகுப்பு ஒவ்வொன்றும் அந்த மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் இடையிலான பாதைதான். தமிழிலிருந்து இந்திக்கு நேரடி வழி கிடையாது. நீங்கள் எழுதும் தமிழ் முதலில் ஆங்கிலமாகிறது, அந்த ஆங்கிலம் பிறகு இந்தியாகிறது. தமிழ்த் தொகுப்பு இல்லாவிட்டால் முதல் பாதியே அடைபட்டுவிடும். ஆங்கிலம் செயலியோடு வந்துவிடும். தமிழையும் இந்தியையும் நாம்தான் இறக்க வேண்டும். காஷ்மீர் பள்ளத்தாக்கு வரை போகிறவர்கள் உருதுவையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஏன் என்பதைச் சற்றுப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆங்கிலச் சுற்றுவழி தெரிந்தவருக்குத் தமிழை எப்படி எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பேச்சுத் தமிழை அப்படியே எழுதினால் முதல் பாதியிலேயே பொருள் சிதறும். “அம்மாவுக்கு சுகர் இருக்கு, டீல சக்கர போடாம குடுங்க” என்று எழுதுவதைவிட, “என் அம்மாவுக்கு நீரிழிவு நோய் உள்ளது. சர்க்கரை இல்லாத தேநீர் வேண்டும்” என்று இரண்டு சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். எழுத்து நடை, யாருக்கு என்ற தெளிவு, ஒரு வாக்கியத்தில் ஒரே செய்தி. இவ்வளவு செய்தால் போதும்.

சுற்றுவழியில் விழுந்துவிடும் சிலவற்றை நம்மால் தடுக்க முடியாது. ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் உள்ள மரியாதை வேறுபாடு ஆங்கிலத்தைக் கடக்கும்போது காணாமல் போகிறது. இந்திக்கு வரும்போது செயலி தானாக ஒன்றை ஊகித்துப் போடும். பேசுவது பெண்ணா ஆணா என்பதும் அப்படியே. இந்தியில் வினைச்சொல் அதற்கேற்ப மாறும். தமிழில் தன்மை இடத்தில் அந்த வேறுபாடு இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. அதனால் நம்மூர்ப் பாட்டி பேசினாலும் போன் ஆண்பிள்ளையாகப் பேசக்கூடும். கேட்பவருக்குப் பொருள் புரியும், சிரித்துக்கொண்டு பதில் சொல்வார். மரியாதைக்கு மட்டும் போனை நம்பாமல், முதலில் “பாய் சாப்” என்று உங்கள் வாயாலேயே அழைத்துவிட்டுப் பிறகு போனை நீட்டுங்கள்.

படிக்கத் தெரியாதவரிடம் திரையைக் காட்டி என்ன பயன்?

மதுரையிலிருந்து பஹல்காம் வரை போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, அத்தை என மூவர். மூவரிடமும் ப்ரீபெய்ட் சிம். இரவு ஒன்பது மணிக்கு விடுதிக்கு வந்து சேர்கிறார்கள். நல்ல குளிர். முன்னறையில் இருக்கும் பெரியவரிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும்: வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், அறை ஹீட்டருக்குத் தனிக் கட்டணமா. அம்மா தமிழில் தட்டி, இந்தியாக மாற்றி, திரையைப் பெரியவரிடம் திருப்புகிறார். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கிறார்.

மொழிபெயர்ப்பில் தவறில்லை. பள்ளத்தாக்கில் பலரும் பள்ளியில் படித்தது உருது எழுத்து. இந்தி பேசினால் நன்றாகப் புரியும். அன்றாடப் பேச்சில் இந்தியும் உருதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் திரையில் இருக்கும் தேவநாகரி எழுத்து எல்லோருக்கும் பழக்கமானதல்ல. இந்த நிலையில் வழி இரண்டு. உருதுத் தொகுப்பை இறக்கியிருந்தால் அதே வாக்கியத்தை உருது எழுத்தில் காட்டலாம். அல்லது இந்தி வாக்கியத்தைப் போனையே பேச வைக்கலாம். இரண்டாவது வழிதான் எல்லா இடத்துக்கும் பொருந்தும், எழுதப் படிக்கவே தெரியாதவர்களுக்கும் சேர்த்து.

ஆனால் அம்மா ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் போன் மௌனமாக இருக்கக்கூடும். மொழித் தொகுப்பு என்பது எழுத்தை எழுத்தாக மாற்றும் பகுதி மட்டுமே. குரல் என்பது தனிச் சரக்கு. வீட்டில் நெட் இருக்கும்போது குரல் இணையத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அதனால் அது போனில் இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஆண்ட்ராய்ட் போனில் இதற்கு ஏற்பாடு செட்டிங்ஸில் இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும் என்பதால், செட்டிங்ஸ் மேலே உள்ள தேடும் பெட்டியில் text-to-speech என்று தட்டிவிடுங்கள். Text-to-speech output என்ற பக்கம் வரும். அதில் கூகுளின் குரல் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உள்ள பற்சக்கரப் படத்தைத் தொட்டால் Install voice data என்ற வரி இருக்கும். அங்கே இந்திக் குரலை இறக்கிக்கொள்ளுங்கள். அதன்பின் சிம் இல்லாத போனும் மலையடிவாரத்தில் நின்று இந்தி பேசும்.

பெரியவர் பதில் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது? இதுதான் ஆஃப்லைனின் பலவீனமான பக்கம். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வேலைக்கு மூன்றாவது ஒரு கோப்பு வேண்டும். எல்லா மொழிக்கும் எல்லாப் போனிலும் அது கிடைப்பதில்லை. நெட் இருக்கும்போது இருவரும் மாறி மாறிப் பேச, போன் இடையில் நின்று மொழிபெயர்க்கும் உரையாடல் வசதியை நம்பிக்கொண்டு போகாதீர்கள். அதற்குப் பதில் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். “வெந்நீர் எப்போது வரும்?” என்று கேட்டால் அவர் நான்கு வாக்கியம் பேசுவார். “வெந்நீர் காலை ஆறு மணிக்கு வருமா?” என்று கேட்டால் தலையை ஆட்டுவார். ஹீட்டர் கட்டணமா? போன் கால்குலேட்டரைத் திறந்து கையில் கொடுத்தால் தொகையைத் தட்டிக் காட்டிவிடுவார். பஹல்காமில் குதிரைக்காரரிடமும் உள்ளூர் டாக்ஸிக்காரரிடமும் பேரம் நடப்பது எண்ணில்தான். அதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

கேமரா எங்கே உதவும், எங்கே உதவாது

எழுத்தின் மீது கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும் வசதியும் தொகுப்பு இறக்கியிருந்தால் ஆஃப்லைனில் இயங்கும். ஜம்முவிலும் கட்ராவிலும் உணவகத்துச் சுவரில் அச்சிட்டு ஒட்டிய இந்தி விலைப்பட்டியல், கோயில் வழியில் உள்ள அறிவிப்புப் பலகை போன்றவற்றுக்கு இது பயன்படும். தெளிவான அச்செழுத்து, நல்ல வெளிச்சம், நேராகப் பிடித்த போன், இவை மூன்றும் வேண்டும். சாக்பீஸில் கிறுக்கிய பலகையையும் அலங்கார எழுத்தையும் அதனால் வாசிக்க முடியாது. தமிழில் வரும் விடை குழப்பமாக இருந்தால் விடை மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். சுற்றுவழியில் ஒரு தாவல் குறைவதால் பல நேரம் பொருள் தெளியும்.

பள்ளத்தாக்குக்குள் போனபின் கேமராவின் வேலை குறைந்துவிடும். அங்கே சாலைப் பலகைகளிலும் கடைப் பெயர்களிலும் உருதுவோடு ஆங்கிலமும் பெரும்பாலும் இருக்கும். உருதுவின் சாய்ந்து பின்னிய எழுத்தைக் கேமரா சரியாக வாசிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கேமராவைத் தொடர்ந்து திறந்து வைத்தால் பேட்டரியும் வேகமாக இறங்கும். குளிரில் அது இன்னும் சீக்கிரம் காலியாகும்.

‘நெட் இல்லை’ என்பதில் மூன்று வகை

மொபைல் டேட்டா இல்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். நிலைமை ஒவ்வொரு இடத்திலும் வேறு. எது நடக்கும், எது நடக்காது என்பது அதைப் பொறுத்தது.

முதல் வகை, சிக்னல் உண்டு, டேட்டா மட்டும் இல்லை. போஸ்ட்பெய்ட் வைத்திருப்பவருக்கு நெட் நிறுத்தப்பட்ட நாளில் இப்படி ஆகும். அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நடக்கும்வரை ஓடிபி வரும், *99# என்று டயல் செய்து வங்கிக் கணக்கிலிருந்து பணமும் அனுப்பலாம். மொழி தெரியாத சிக்கலுக்கும் இதில் பழைய வழி ஒன்று உண்டு: இந்தி தெரிந்த உறவினரை அழைத்து, போனைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிடுவது.

இரண்டாவது வகை, சிம் ஊமை, ஆனால் விடுதியில் வைஃபை உண்டு. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம்காரர்களின் நிலை இதுதான். வைஃபைக்குள் இருக்கும்வரை வாட்ஸ்அப் அழைப்பு, ஆன்லைன் மொழிபெயர்ப்பு எல்லாம் நடக்கும். ஆனால் உங்கள் எண்ணுக்கு எஸ்எம்எஸ் வராது. எஸ்எம்எஸ் வராவிட்டால் வங்கி ஓடிபி இல்லை, புதிதாக எந்தச் செயலியிலும் நுழைய முடியாது. ரயில் நிலையங்களில் உள்ள இலவச RailWire வைஃபையில் இணையலாம் என்று நினைத்தால், அதுவும் மொபைல் எண்ணைக் கேட்டு ஓடிபி அனுப்பும். நெட் வேண்டி வைஃபைக்குப் போனால், வைஃபைக்கே சிக்னல் வேண்டும். கூட வருபவர் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருந்தால் அவர் எண்ணைக் கொடுத்து ஓடிபியை அவரிடம் வாங்கிக்கொள்ளலாம். அல்லது ஆதாரைக் காட்டி அங்கேயே உள்ளூர் ப்ரீபெய்ட் சிம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை, எதுவுமே இல்லை. மலைப்பாதையில் நடுவழி. இப்போது *99# உம் வேலை செய்யாது, ஏனென்றால் அதற்கு டேட்டா தேவையில்லை என்றாலும் டவர் தேவை. இந்த நிலையிலும் இயங்குபவை போனுக்குள்ளேயே இருப்பவை: இறக்கி வைத்த மொழித் தொகுப்பு, இறக்கி வைத்த குரல், ஸ்கிரீன்ஷாட், கால்குலேட்டர். இவற்றோடு ஜிபிஎஸ்ஸும் இயங்கும். அது செயற்கைக்கோள்களிலிருந்து நேரே வருவது, சிம்மோடு அதற்குத் தொடர்பில்லை. நெட் உதவி இல்லாததால் முதல்முறை இடத்தைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். வானம் தெரியும் இடத்தில் நின்று பொறுமையாக இருங்கள். ஜிபிஎஸ் புள்ளி மட்டும் வந்து அடியில் வரைபடம் வெறுமையாக இருந்தால் பயனில்லை. எனவே ஜம்மு, ஸ்ரீநகர், பஹல்காம் பகுதியை கூகுள் மேப்ஸில் ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஆஃப்லைன் மேப்பில் வண்டிக்கான வழிதான் கிடைக்கும். நடைவழியும் போக்குவரத்து நெரிசலும் அதில் தெரியாது.

ஊரிலேயே ஒத்திகை

இறக்கியாயிற்று என்பதும் இயங்குகிறது என்பதும் வேறு வேறு. இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி ஏரோபிளேன் மோட். அதிலும் ஒரு கண்ணி உண்டு. பல போன்களில் ஏரோபிளேன் மோட் போட்டாலும் வைஃபை அணையாமல் இருக்கும். செயலி சத்தமில்லாமல் வீட்டு வைஃபையில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும், நாமும் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம்.

மதுரை அம்மாவுக்குச் சென்னையில் இருக்கும் மகன் இன்னொரு போனில் பேசிக்கொண்டே சொல்லிக்கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

“அம்மா, மேலேருந்து கீழே இழுங்க. ப்ளேன் படம் தெரியுதா? அதை அமுக்குங்க.”

“அமுக்கிட்டேன்பா.”

“பக்கத்துல வைஃபை படம் நீலமா இருக்கா?”

“ஆமா, நீலமாத்தான் இருக்கு.”

“அதையும் அணைச்சிருங்க. இப்ப ‘இது அசைவமா?’ன்னு தட்டுங்க. இந்தி வருதா? சரி, ஸ்பீக்கரைத் தொடுங்க.”

“சத்தமே வரலையேடா.”

“அதுக்குத்தாம்மா இப்பவே பார்க்கச் சொன்னேன்.”

இந்த ஒத்திகையில் நான்கைச் சோதிக்க வேண்டும். தமிழில் தட்டினால் இந்தி எழுத்து வருகிறதா, அந்த இந்தி ஒலியாக வருகிறதா, ஓர் இந்தி வரியைக் கேமராவில் காட்டினால் படிக்கிறதா, தமிழ் விசைப்பலகை நெட் இல்லாமலும் எழுத்துகளைத் தருகிறதா. பேசித் தட்டியே பழகியவர்கள் கடைசிச் சோதனையைத் தவறவிடக் கூடாது. மைக்கில் தமிழ் பேசினால் எழுத்தாக மாறும் வசதி அங்கே நின்றுபோகலாம். விரலால் தட்டத்தான் வேண்டியிருக்கும்.

ஒத்திகையைப் புறப்படுவதற்கு முந்தைய நாள் செய்யுங்கள். ஒரு மாதம் முன்பு இறக்கிய தொகுப்பு இன்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் தொகுப்பு போய்விடும். செட்டிங்ஸில் Clear storage அழுத்தினாலும் போய்விடும். போனில் இடம் போதவில்லை என்று பிள்ளைகள் துடைத்துச் சுத்தம் செய்யும்போது முதலில் காணாமல் போவதும் இப்படிப்பட்ட கோப்புகள்தான். புதுப் போன் வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்க வேண்டும்.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஆஃப்லைன் தொகுப்பு என்பது சுருக்கிய வடிவம். அதே செயலி நெட்டோடு இருக்கும்போது கொடுக்கும் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இதைவிடத் தரமாக இருக்கும். ஆகவே தவறாகப் போனால் ஆபத்து என்ற வாக்கியங்களை அங்கே போய்த் தட்டக் கூடாது. இருதய நோய்க்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்து ஒவ்வாது, சைவம் என்றால் முட்டையும் சேராது, நெஞ்சு வலிக்கிறது மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பன போன்ற ஏழெட்டு வாக்கியங்களை வீட்டில் நெட் இருக்கும்போதே மொழிபெயர்த்துவிடுங்கள். வந்த இந்தியைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். பொருள் மாறாமல் திரும்பி வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மாறியிருந்தால் தமிழ் வாக்கியத்தை இன்னும் சுருக்கி மறுபடி முயலுங்கள். இவற்றை மட்டும் இந்தியிலும் உருதுவிலும் ஒரு தாளில் அச்செடுத்துப் பர்ஸில் வைத்தால், பேட்டரி தீர்ந்தாலும் கவலையில்லை.

ஒரே போனில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு புறப்படாதீர்கள். குடும்பத்தில் இரண்டு போன்களிலாவது தமிழ், இந்தி, உருது தொகுப்புகளும் இந்திக் குரலும் இருக்கட்டும். இரண்டையும் ஏரோபிளேன் மோடில், வைஃபையை அணைத்து, பேச வைத்துப் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள். வீட்டு வைஃபையில் அரை மணி நேர வேலை. லக்கன்பூரைத் தாண்டிய பிறகு இதைச் செய்யவே முடியாது.